கடைவீதிக் கணக்கு – 11: லெட்ஜரைத் திருத்துவதா, புதிதாகத் திறப்பதா?

சென்ற வாரம் பில்லின் வரிசை எண்ணைப் பார்த்தோம். இந்த வாரம் பில்லின் தலைப்பில் அச்சாகியிருக்கும் பெயருக்கு வருவோம்.

எடமலைப்பட்டி புதூரில் அப்பா பெயரில் நடந்த லேத் பட்டறை ஒன்று, மகன் பொறுப்பேற்றதும் ‘பிரைவேட் லிமிடெட்’ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலையே வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் போகும். “எங்கள் நிறுவனத்தின் பெயர் மாற்றப்பட்டுள்ளது. தங்கள் மேலான ஆதரவைத் தொடர்ந்து வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.” அதோடு கடிதம் முடிந்துவிடும்.

துவாக்குடியிலோ அரியமங்கலத்திலோ இருக்கும் வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவில் அந்தக் கடிதத்தைப் பிரிப்பவருக்கு ஒரே ஒரு கேள்விதான். டேலியில் இருக்கும் பழைய லெட்ஜரில் பெயரை மட்டும் திருத்தினால் போதுமா, இல்லை புதிதாக ஒரு லெட்ஜர் திறக்க வேண்டுமா? கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. அவர் தனக்குத் தோன்றியதைச் செய்வார். பில் நிற்பதும், பணம் தாமதமாவதும், வரி வேறொருவர் கணக்கில் போய் விழுவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

பெயர் மாற்றம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் நிறுவனம் அதேதான், பெயர் மட்டும் மாறுகிறது. நம் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் ஆலைகள் வைத்திருக்கும் மெட்ராஸ் சிமெண்ட்ஸ், 2013 ஜூலையில் ‘தி ராம்கோ சிமெண்ட்ஸ்’ ஆனது. ‘ஸொமாட்டோ’ கம்பெனி 2025 மார்ச்சில் ‘எடர்னல்’ ஆனது. இப்படிப் பெயர் மாற்றும் கம்பெனிக்குக் கம்பெனிகள் பதிவாளர் புதிய சான்றிதழ் தருவார். ஆனால் பான் எண் மாறாது, அதனால் ஜிஎஸ்டி எண்ணும் மாறாது. கொடுக்க வேண்டிய பாக்கியும், வர வேண்டிய பாக்கியும், கையெழுத்தான ஒப்பந்தங்களும் அப்படியே தொடரும். இங்கே வாடிக்கையாளர் பழைய லெட்ஜரில் பெயரைத் திருத்தினால் போதும். புதிது திறந்தால்தான் பழைய பாக்கி ஒரு பக்கமும் புதிய பில் ஒரு பக்கமுமாகப் பிரிந்து போகும்.

இரண்டாவது வகையில் பலகையில் பெரும்பாலும் பழைய பெயரே இருக்கும், கடைசியில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று மட்டும் சேர்ந்திருக்கும். பார்வைக்குச் சின்ன மாற்றம். ஆனால் தனிநபர் நடத்திய தொழில் கம்பெனியாகும்போது சட்டத்தின் கண்ணில் வேறொரு ஆள் பிறந்துவிடுகிறார். அவருக்குத் தனி பான், தனி ஜிஎஸ்டி எண், தனி வங்கிக் கணக்கு. இங்கே புதிய லெட்ஜர்தான் திறக்க வேண்டும்.

எந்த வகை என்பதைப் பில்லைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஜிஎஸ்டி எண்ணில் மொத்தம் 15 இலக்கங்களும் எழுத்துகளும் உண்டு. முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண்ணேதான். பான் எண்ணின் நான்காவது எழுத்து, அது யாருடையது என்று சொல்லும். ஆகவே ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது இடத்தைப் பாருங்கள். அங்கே P இருந்தால் தனிநபர், F இருந்தால் பங்குதாரர் நிறுவனம், C இருந்தால் கம்பெனி. பழைய பில்லில் P, புதிய பில்லில் C என்றால் ஆளே மாறிவிட்டார் என்று பொருள்.

முகவரி மாற்றத்துக்கும் இதே எண்தான் அளவுகோல். புதூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு அலுவலகம் மாறினால் ஜிஎஸ்டி பதிவில் முகவரியைத் திருத்தினால் போதும், எண் மாறாது. பெங்களூருக்குப் போனால் முதல் இரண்டு இலக்கம் 33 போய் 29 வரும். அது புதிய பதிவு.

இனி நம் லேத் பட்டறையையே தேதி வாரியாகப் பார்ப்போம். அக்டோபர் 1 முதல் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 28 அன்று பழைய பெயரில், பழைய எண்ணில் ஒரு ஜாப் ஒர்க் பில் போயிருக்கிறது. கூலி ரூ.1,00,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் ரூ.18,000, ஆக ரூ.1,18,000. வாடிக்கையாளர் நவம்பரில் பணம் தருவார்.

இந்த பில் பழைய பட்டறையுடையது. பழைய எண்ணில்தான் அது ஜிஎஸ்டி கணக்கில் ஏறும், வாடிக்கையாளரின் மாதாந்திர வரவு வரிப் பட்டியலிலும் பழைய எண்ணோடுதான் தெரியும். கடிதத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு அவர் டேலியில் பழைய ஜிஎஸ்டி எண்ணை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினால், அவருடைய புத்தகமும் அரசுப் பட்டியலும் பொருந்தாது. 18,000 ரூபாய் வரவு வரி கேள்விக்குறியாகும். அது சரியாகும்வரை பணத்தை நிறுத்தி வைக்கிறேன் என்று அவர் சொன்னால் அதில் நியாயம் உண்டு. குழப்பம் நம் கடிதத்திலிருந்து வந்தது.

அடுத்து டிடிஎஸ். தனிநபருக்குத் தரும் ஜாப் ஒர்க் கூலியில் 1 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனிக்கு 2 சதவீதம். ஆகவே செப்டம்பர் பில்லுக்கு ரூ.1,000 பிடித்து அப்பாவின் பான் எண்ணில் கட்ட வேண்டும். அக்டோபரில் அதே தொகைக்குப் போகும் பில்லுக்கு ரூ.2,000 பிடித்து கம்பெனியின் பான் எண்ணில் கட்ட வேண்டும். லெட்ஜர் மாறாவிட்டால் அக்டோபர் பில்லின் வரியும் அப்பாவின் கணக்கிலேயே போய் உட்காரும். வருமானம் காட்டுவது கம்பெனி, வரி கட்டியதாகத் தெரிவது அப்பா. வருமான வரித் தளத்தின் வரிப்பிடித்தக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் இது தெரிந்துவிடும். திருத்த வேண்டியவர் வரி பிடித்தவர்தான். வருடக் கடைசியில் போய் நின்றால் அவர் கணக்கை மூடியிருப்பார்.

பலரும் கவனிக்காத இடம் பொருள் திரும்பி வருவது. செப்டம்பர் பில்லில் போன வேலையில் குறை என்று ஒரு பகுதியை நவம்பரில் திருப்பி அனுப்பினால், கிரெடிட் நோட் பழைய எண்ணில்தான் போட முடியும். புதிய கம்பெனி அந்த பில்லைப் போடவே இல்லை. தொழில் கைமாறியபின் பழைய பதிவை ரத்து செய்ய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ரத்தாகிவிட்டால் பழைய எண்ணில் கிரெடிட் நோட்டுக்கு வழியில்லை. அதனால் “பழைய பில்களில் குறையோ திருப்பி அனுப்புவதோ இருந்தால் இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள்” என்ற ஒரு வரி கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். பாதி முடிந்த பர்ச்சேஸ் ஆர்டர் இருந்தால் அதையும் புதிய பெயருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரிய கம்பெனிகளில் ஆர்டர் ஒரு வெண்டர் கோடிலும் பில் இன்னொரு எண்ணிலும் இருந்தால் கம்ப்யூட்டரே ஏற்காது.

இப்போது பணம். வங்கி விவரம் மாறும்போது இடைக்காலம் ஒன்று தேவை என்பதற்கு நம் ஊர்ப்பக்கத்து உதாரணமே இருக்கிறது. 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27 அன்று டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைந்தது. அதில் கணக்கு வைத்திருந்த வியாபாரிகள் தங்கள் பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் பில்லில் அச்சிட்ட வங்கிப் பெயரும் ஐஎஃப்எஸ்சி கோடும் மாறின. 2021 அக்டோபரில் புதிய கோடுகள் வந்தன. பழைய கோடுகள் 2022 பிப்ரவரி இறுதி வரை ஓடின. வாடிக்கையாளர்களிடம் சொல்லி, அவர்கள் பதிவை மாற்றி முடிக்க அந்த நான்கு மாதம் கிடைத்தது. நம் லேத் பட்டறையும் இதைத்தான் செய்ய வேண்டும். பழைய பில்களின் பணம் முழுதும் வந்து சேரும்வரை அப்பாவின் நடப்புக் கணக்கை மூடக் கூடாது. பழைய பெயரில் வரும் காசோலையைப் போட அந்தக் கணக்கு வேண்டும்.

முதல் வகைப் பெயர் மாற்றத்திலும் வங்கியை மறந்துவிடக் கூடாது. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 ஏப்ரல் முதல், ஆர்டிஜிஎஸ், என்இஎஃப்டியில் பணம் அனுப்புமுன் பெறுபவரின் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. வங்கிப் பதிவில் உள்ள பெயர்தான் அங்கே தெரியும். பில்லில் புதிய பெயர், திரையில் பழைய பெயர் என்றால் பணம் போடுபவர் கை தயங்கும். தயங்குவதுதான் சரியும்கூட. ஆகவே சான்றிதழ் வந்ததும் பான், 15 நாளுக்குள் ஜிஎஸ்டி திருத்த விண்ணப்பம், வங்கி ஆகியவற்றை முடித்துவிட்டு, கடைசியாகத்தான் வாடிக்கையாளருக்குக் கடிதம். புதிய பெயரோடு முந்தைய பெயரையும் இரண்டு வருடம் லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் அச்சிட வேண்டும் என்று கம்பெனிச் சட்டமே சொல்கிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். “எங்கள் பெயர் மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்” என்பது மோசடிக்காரர்கள் அனுப்பும் மின்னஞ்சலின் வாசகமும்தான். லெட்டர்ஹெட்டும் கையெழுத்தும் அச்சு அசலாக இருக்கும். அதனால் கணக்கு எண்ணைப் பெயர் மாற்றக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். தனியாக அனுப்புங்கள், வாடிக்கையாளரே உங்களைக் கூப்பிட்டு உறுதிசெய்யட்டும். அவர் கூப்பிட வேண்டியது தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணை, கடிதத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை அல்ல. ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டபின் மீதியை அனுப்பலாம். பணம் தவறான இடத்துக்குப் போய்விட்டால் நேரத்தை வீணாக்காமல் 1930க்குக் கூப்பிட வேண்டும்.

நம் லேத் பட்டறையின் கடிதம் இப்படி இருந்தால் போதும்:

“ஐயா, வணக்கம். அக்டோபர் 1 முதல் எங்கள் தொழிலைப் புதிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஏற்று நடத்துகிறது. பான், ஜிஎஸ்டி எண் இரண்டும் மாறுகின்றன. சான்றிதழ் நகல்களை இணைத்துள்ளோம். செப்டம்பர் 30 வரையிலான பில்கள் பழைய பெயருக்கும் பழைய எண்ணுக்கும் உரியவை. அவற்றுக்கான பணத்தைப் பழைய கணக்கிலேயே செலுத்தி, டிடிஎஸ்ஸைப் பழைய பான் எண்ணில் கட்டவும். எங்கள் பழைய லெட்ஜரைத் திருத்தாமல் புதிய லெட்ஜர் திறக்கவும். பழைய பில்களில் திருத்தம் இருந்தால் அக்டோபர் 20க்குள் தெரிவிக்கவும். முடியாத ஆர்டர்களைப் புதிய பெயருக்கு மாற்றித் தரவும். புதிய வங்கிக் கணக்கு விவரம் தனியே வரும். தங்களிடம் உள்ள எங்கள் பழைய தொலைபேசி எண்ணில் பேசி உறுதிசெய்த பிறகே அதைப் பதிவுசெய்யவும்.”

முதல் வகை மாற்றமென்றால் இதைவிடச் சின்னக் கடிதம் போதும். “பெயர் மட்டுமே மாறியிருக்கிறது, பான், ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு எண் எதுவும் மாறவில்லை, லெட்ஜரில் பெயரைத் திருத்தினால் போதும்.” மாறாதவற்றையும் எழுத வேண்டும். அதைப் படித்ததும் கணக்குப் பிரிவில் இருப்பவர் நிம்மதியாகப் பெயரைத் திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்.

அடுத்த வாரம்: கிரெடிட் நோட், டெபிட் நோட் – யார், எப்போது போடுவது?