வேலை கேட்கும் மின்னஞ்சலில் ஒரு பால்கனி

சிவில் முடித்த பிள்ளைகள் சைட் இன்ஜினியர் வேலைக்கு அனுப்பும் மின்னஞ்சல்களைப் படித்து, யாரைக் கூப்பிடலாம் என்று சொல்வது என் பொறுப்புகளில் ஒன்று. பெரும்பாலானவற்றில் ஒரே மூன்று வரிகள்தான் இருக்கும். கட்டட வேலைகளை மேற்பார்வை செய்திருக்கிறேன், பாதுகாப்பு விதிமுறைகள் தெரியும், ஆட்டோகேட் தெரியும். எதுவும் பொய்யாக இருக்காது. ஆனால் வெயிலில் நின்று வேலை பார்த்தவரும் அதையே எழுதுகிறார், சைட்டை எட்டிப் பார்த்தவரும் அதையே எழுதுகிறார். பாவம், நன்றாக வேலை தெரிந்த பிள்ளைகள் பலர் இப்படித்தான் கூட்டத்தில் காணாமல் போகிறார்கள்.

தனியாகத் தெரிய, தான் பார்த்த ஒரு வேலையை விவரமாக எழுதினால் போதும். பெரிய பாலமாக இருக்க வேண்டியதில்லை. அடுக்குமாடி வீட்டின் பால்கனி ஒன்றே மூன்று வரிகளுக்கும் விஷயம் தரும்.

அறையின் கூரைத் தளம் இரண்டு பக்கமும் பீமில் உட்கார்ந்திருக்கிறது. பாரம் ஏறினால் நடுவில் தொய்யும், அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் கம்பி அடியில் இருக்கிறது. பால்கனியின் கதை நேர்மாறு. ஒரு பக்கம்தான் பிடிப்பு, மறுமுனை அந்தரத்தில். முனை கீழே வளையப் பார்க்கும்போது மேல்பக்கம் இழுபடுகிறது. எனவே பால்கனியில் முக்கியக் கம்பி மேலே இருந்தாக வேண்டும்.

சிக்கல் கான்கிரீட் போடும் அன்று வருகிறது. அந்தக் கம்பியின் மேல்தான் எல்லோரும் நடக்கிறார்கள்: சித்தாள், கொத்தனார், வைப்ரேட்டர் பிடிப்பவர், பம்பு குழாயை இழுப்பவர்கள். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் ‘சேர்’ என்ற வளைகம்பிகள் போதாவிட்டால் அது மிதிபட்டுக் கீழே போகும். 150 மில்லிமீட்டர் கனமுள்ள தளம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 20 மில்லிமீட்டர் கவர் விட்டு 10 மில்லிமீட்டர் கம்பி கட்டியிருந்தால், அடிப்பக்கத்திலிருந்து கம்பியின் மையம் வரை 125 மில்லிமீட்டர். பலத்தைத் தீர்மானிப்பது இந்த ஆழம்தான். கம்பி 50 மில்லிமீட்டர் அமுங்கினால் மிச்சம் 75. கம்பியும் சிமென்ட்டும் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் பால்கனியின் பலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது.

பிறகு இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. கான்கிரீட்டின் தரத்தைப் பார்க்க 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டிகள் வார்த்து 28 நாளில் உடைத்துப் பார்ப்போம். அந்தக் கட்டிகள் நன்றாகவே தேறும், ஏனென்றால் கம்பி எங்கே கிடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. முட்டு எடுத்த பிறகு பால்கனியின் மேல்பரப்பில், சுவரை ஒட்டி நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடினால் அப்போதுதான் சந்தேகமே வரும். ஆகவே மேற்பார்வை என்றால், கான்கிரீட் வரும் முன் சேர்களை எண்ணிப் பார்ப்பது, கம்பியை டேப்பால் அளப்பது, நடக்கப் பலகை போடுவது, கான்கிரீட் விழும்போது பக்கத்திலேயே நின்று அமுங்கிய கம்பியைத் தூக்கிவிடச் சொல்வது. இதைச் செய்தவர் மின்னஞ்சலில் எழுதட்டும்: ‘நான்கு மாடிக் குடியிருப்பில் பால்கனிகளின் மேல்கம்பியைக் கான்கிரீட்டுக்கு முன் அளந்து பதிவேட்டில் எழுதினேன், சேர் குறைவாக இருந்த இடத்தில் கூடுதலாக வைக்கச் சொன்ன பிறகே வேலையைத் தொடங்கவிட்டேன்.’ இந்த ஒரு வரிக்கு நான் கட்டாயம் போனில் கூப்பிடுவேன்.

அடுத்தது பாதுகாப்பு. ஹெல்மெட், ஷூ, பெல்ட் என்று அடுக்குவதைவிட, அதே பால்கனியில் யாருக்கு எப்போது ஆபத்து என்று சொல்வது நல்லது. கம்பி கட்டும்போதும் கான்கிரீட் போடும்போதும் ஆள் நிற்பது கட்டடத்தின் விளிம்பில். அங்கே இடுப்புக்கு மேல் உயரத்தில் தடுப்புக் குழாய் இருந்ததா, பெல்ட்டின் கயிற்றை எதில் மாட்டினார்கள்? சென்ட்ரிங் முட்டில் மாட்டினால், ஆள் விழும் இழுப்பில் முட்டும் சேர்ந்து வரும். வார்த்து இறுகிய தூண் போன்ற உறுதியான ஒன்றில் மாட்ட வேண்டும்.

இரண்டாவது ஆபத்து முட்டைப் பிரிக்கும் நாளில். சாதாரண சிமென்ட்டில் போட்ட, நான்கரை மீட்டர் வரை அகலமுள்ள தளங்களுக்கு முட்டை 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் விட்டுவைக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி ஐஎஸ் 456. சாம்பல் கலந்த சிமென்ட் மெதுவாக இறுகுவதால் இன்னும் பொறுக்க வேண்டும். பால்கனிக்கு அந்தப் பட்டியலில் தனி வரி கிடையாது. வடிவமைத்த இன்ஜினியரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும் வரிசையும் முக்கியம். வெளிமுனையில் தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். சுவர்ப் பக்க முட்டை முதலில் எடுத்துவிட்டு முனையில் ஒன்றை விட்டால், பால்கனி இரண்டு முனையிலும் தாங்கப்பட்ட தளமாக மாறி நடுவில் தொய்யும். அங்கே அடியில் போதிய கம்பி இருக்காது. இன்னொன்றையும் பலர் மறக்கிறார்கள். மேல்மாடி பால்கனியின் முட்டு நிற்பது கீழ்மாடி பால்கனியின் மேல். பலகையும் ஜாக்கியும் வேண்டும் என்ற அவசரத்தில் கீழே எடுத்துவிட்டால், மேலே போடும் பச்சைக் கான்கிரீட்டின் முழுப் பாரமும் இளம் தளத்தின் முனையில் இறங்கும். சின்ன சைட்டுகளில் பாதுகாப்புக்கென்று தனி அதிகாரி இருப்பதில்லை. ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியவர் சைட் இன்ஜினியர்தான். அப்படி நிறுத்திய ஒரு சம்பவத்தை, காரணத்தோடு இரண்டு வரியில் எழுதலாம்.

ஆட்டோகேட் விஷயத்தில், சைட்டுக்குத் தேவை அழகாக வரைவதைவிடச் சரியாகப் படிப்பது. வீட்டுக்காரர் கேட்டார் என்று பால்கனியை 1.2 மீட்டரிலிருந்து 1.5 மீட்டராக நீட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் சீரான பாரத்துக்கு, சுவரோரம் வரும் வளைவு விசை நீளத்தின் வர்க்கமாகக் கூடும். கைப்பிடிச் சுவரைச் சேர்க்காமலே அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. திருத்திய வரைபடத்தில் அதற்கேற்பக் கம்பி கூடியிருக்கும். சைட் கொட்டகையில் பழைய தாள் தொங்கினால், சென்ட்ரிங் புது அளவுக்கும் கம்பி பழைய அளவுக்கும் போய்விடும். தாளின் மூலையில் உள்ள R0, R1 என்ற திருத்த எண்ணைப் பார்த்து, பழையதைக் கிழித்தெறிவது சைட் இன்ஜினியரின் வேலை.

கோப்பிலும் ஒரு பொறி உண்டு. அவசரத்தில் வரைபவர் கோட்டை நீட்டாமல், அளவு எண்ணை மட்டும் 1500 என்று மாற்றி எழுதிவிடுவார். திரையில் `DIST` என்று தட்டி இரு முனைகளையும் தொட்டால் 1200 என்று வரும். அப்போது எது சரி என்று தானே முடிவு செய்யாமல், வடிவமைத்தவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். ‘ஆட்டோகேட் தெரியும்’ என்பதைவிட, ‘வரைபடத்தில் அளவு முரண்பாட்டைக் கண்டு எழுத்தில் விளக்கம் கேட்டேன்’ என்பது எவ்வளவோ மேல்.

புதிதாகப் படித்து முடித்தவர் என்ன எழுதுவது? பயிற்சிக் காலத்தில் கூட நின்று பார்த்ததை, ‘பார்த்தேன்’ என்றே எழுதலாம். ‘செய்தேன்’ என்று எழுதினால், எந்தப் பக்க முட்டை முதலில் எடுத்தீர்கள் என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வார். மின்னஞ்சலின் பொருள் வரியில் பதவி, பெயர், ஊர், எப்போது சேர முடியும் என்பது இருந்தால் போதும். பழைய நிறுவனத்தின் வரைபடத்தை இணைப்பாக அனுப்ப வேண்டாம். அது உங்கள் சொத்து அல்ல. ஒரு பால்கனியின் வெட்டுத்தோற்றத்தை நீங்களே வரைந்து பிடிஎஃப்பாக இணைக்கலாம். அதில் மேல்கம்பி உள்தளத்துக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் காட்டுங்கள். வெளியே நீளும் அளவைப் போல ஒன்றரை மடங்கு உள்ளே கொண்டுபோவது வழக்கம், 1.5 மீட்டர் பால்கனிக்கு அது 2.25 மீட்டர்.