எந்தக் கேக் படத்துக்கு முதலிடம்?

சென்னையில் மே மாதத்தில் ஒரு பிறந்தநாள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்குக் கடல் தீம் வேண்டும். கேக் ஒரு கிலோ, மேலே ஃப்ரெஷ் க்ரீம். அம்மாவின் போனில் மூன்று படங்கள். முதல் படத்தில் இரண்டு அடுக்குக் கருநீலக் கேக், உச்சியில் கடல்கன்னி. இரண்டாவதில் மீன், ஆமை, சிப்பி, தங்க உருண்டைகள், ‘ஹேப்பி பர்த்டே’ பலகை என்று இடைவெளியே இல்லை. மூன்றாவதில் வெளிர்நீல அலைகள், ஓரமாக நாலைந்து வெள்ளை சாக்லேட் சிப்பிகள்.

மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்ப்பது சரிவராது. செய்ய முடியாத கேக் தீமில் பத்துக்குப் பத்து வாங்கினாலும் மேசைக்கு வராது. அதனால் முதல் சல்லடை, செய்ய முடியுமா என்பதுதான்.

முதல் படம் அதிலேயே நின்றுவிடுகிறது. படங்களில் கம்பீரமாக நிற்கும் அடுக்குக் கேக்குகள் பலவற்றில் கீழடுக்கு தெர்மாகோலாக இருக்கும். உண்மையான கேக் என்றால் மேலடுக்குக்கு அடியில் ஓர் அட்டையும், அதைத் தாங்கக் கீழடுக்குக்குள் குச்சிகளும் வேண்டும். ஒரு கிலோவில் அந்த உயரம் கிடைக்காது. கடல்கன்னி ஃபாண்டன்ட் எனப்படும் சர்க்கரை மாவில் செய்தது. ஈரமான க்ரீமின் மேல் வைத்தால் அது நீரை உறிஞ்சிப் பிசுபிசுத்து, மெல்லச் சாயும். கருநீலத்துக்கும் நிறைய கலர் ஊற்ற வேண்டியிருக்கும். க்ரீம் கசக்கும், குழந்தைகளின் நாக்கெல்லாம் நீலமாகும்.

இரண்டாவதைச் செய்துவிடலாம். பொம்மைகள் பிளாஸ்டிக், கடையிலேயே கிடைக்கும். தீமும் பொருந்துகிறது, தங்க உருண்டைகளுக்கு மட்டும் கடலில் வேலையில்லை. சிக்கல் அலங்காரத்தின் சமநிலையில். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, படத்தைத் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது. கண் ஓரிடத்தில் போய் நின்றால் நல்ல அமைப்பு. இந்தப் படத்தைச் சுருக்கினால் வண்ணப் புள்ளிகள்தான் மிஞ்சும். பெயர் எழுதவும் இடமில்லை. பொம்மைகளின் கனத்தில் க்ரீம் அமுங்குமே, அந்தக் குழிகள் படத்தில் தெரியாது.

மூன்றாவது படத்தில் அலை க்ரீமாலேயே வருகிறது. ஸ்பேட்டுலாவை இழுத்துவிட்டால் போதும். சிப்பிகளை அச்சில் வார்த்து முந்தின நாளே ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். மேலே வலது ஓரத்தில் மூன்று, கீழே இடது பக்கம் இரண்டு என்று வைத்தால் எடை இருபுறமும் பங்காகிறது, நடுவில் பெயருக்கும் இடம் கிடைக்கிறது. சமநிலை என்றதும் பலர் இருபக்கமும் ஒரே மாதிரி வைப்பார்கள். அதற்கு அவசியமே இல்லை.

ஆகவே வரிசை மூன்று, இரண்டு, ஒன்று. குழந்தை கடல்கன்னிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், மூன்றாவது படத்தையே பேக்கரிக்கு அனுப்பி, சிப்பிகளில் இரண்டை எடுத்துவிட்டு அங்கே சாக்லேட்டில் வார்த்த கடல்கன்னி வால் ஒன்றைச் செருகச் சொல்லலாம். வெயிலில் க்ரீம் தளர்ந்துவிடும் என்பதால், வெட்டும் நேரத்தையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது.