சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும் 12 பேர்

மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கினால், சமயபுரத்தில் கடை போட்டிருக்கும் குடும்பங்களுக்குத் தூக்கம் கிடையாது. அம்மனுக்கு 28 நாள் பச்சைப் பட்டினி விரதம், அடுத்து சித்திரைத் தேர். பூக்கட்டவும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டுக்கு ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நாலாம் வகுப்பு படிப்பவர்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு எழுதும் வளர்ச்சித் திட்டத்தில் இந்தப் பிள்ளைகளின் விடுப்பு இடம்பெற வேண்டும். ஆனால் அங்கே வழக்கமாக வருவது ஒரே வரி: ‘வருகையை 92 சதவீதத்திலிருந்து 95 ஆக உயர்த்துதல்.’ யாரை, எந்த நாளில் என்று அந்த வரி சொல்லாது.

60 பிள்ளைகள், 200 வேலைநாள் உள்ள ஒரு தொடக்கப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். 92 சதவீத வருகை என்றால் மொத்தம் 960 நாள் இழப்பு. பதிவேட்டைப் பிள்ளைவாரியாகக் கூட்டினால் 48 பேர் ஆளுக்குப் பத்து நாள்தான் விடுப்பு. மீதி 12 பேர் ஆளுக்கு நாற்பது நாள். இழப்பில் சரிபாதி இந்த 12 பேருடையது. இவர்களை இருபது நாளுக்குக் கொண்டுவந்தாலே பள்ளியின் வருகை 94 ஆகிவிடும். ஆகவே இலக்கை ஆட்கணக்கில் எழுதுங்கள்: ‘இருபது நாளுக்கு மேல் விடுப்பெடுப்போர் 12 பேர், ஆண்டு முடிவில் 6 பேர்.’

பிறகு பதிவேட்டைக் கிழமைவாரியாகப் பாருங்கள். ஒரு சிறுமியின் நாற்பதில் 26 நாள் செவ்வாயும் வெள்ளியும் என்றால், அது காய்ச்சல் அல்ல, கோயில் கூட்டம். அவளுக்கு அறிவுரை தேவையில்லை. அந்த இரண்டு காலையிலும் தம்பியை யார் பார்ப்பது என்று குழுவில் இருக்கும் அம்மாக்கள் ஏற்பாடு செய்தால் போதும். திட்டத்தில் அந்தப் பொறுப்பாளரின் பெயரும் இருக்க வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறையும் வறுமையும்தான் மூலகாரணம் என்பவர்களும் உண்டு. இருக்கலாம், ஆனால் அதை இந்தக் குழுவால் தீர்க்க முடியாது.

என் கவலை வேறு. இலக்கு எழுதிய மறுமாதமே வருகை எகிறினால் எனக்குச் சந்தேகம் வரும். பள்ளிக்குக் கெட்ட பெயர் வேண்டாமென்று ‘வந்தார்’ போடுவது எளிது. போட்டுவிட்டால், வராத பிள்ளையைத் தேடி யாரும் போகமாட்டார்கள். அதனால் மதிய உணவு சாப்பிட்டவர் எண்ணிக்கையை வருகைக்குப் பக்கத்திலேயே எழுதி, மாதக் கூட்டத்தில் இரண்டையும் படிக்க வேண்டும். ஒன்றிரண்டு வித்தியாசம் சகஜம். சாப்பாடு கட்டிவரும் பிள்ளைகள் இருப்பார்கள். பதிவேட்டில் 58, பந்தியில் 49 என்று செவ்வாய்தோறும் வந்தால் கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். பூச்சொரிதல் வாரத்தில் வருகை கொஞ்சம்கூடக் குறையாத பதிவேட்டை நான் நம்பமாட்டேன்.