இலைக் கணக்கும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயும்

“சாப்பாடு பத்தல. சொந்தக்காரங்க முன்னாடி மானம் போச்சு. பாதிப் பணத்தைத் திருப்பிக் குடுங்க.” விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் இப்படியொரு செய்தி வராத சமையல் காண்ட்ராக்டர் குறைவு. வந்தவுடன் கோபப்பட்டு பதில் போட்டால் அந்த வீட்டு ஆர்டர் மட்டுமல்ல, அந்தச் சொந்தபந்தத்தின் ஆர்டர் முழுவதும் போய்விடும். பயந்துபோய் கேட்டதைக் கொடுத்தாலோ, செய்யாத தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது.

மதுரைப் பக்கம் ஒரு காதுகுத்து என்று வைத்துக்கொள்வோம். பேசியது 200 இலை, இலைக்கு 180 ரூபாய், மொத்தம் 36,000. வீட்டுக்காரர் கேட்பது 18,000.

பதில் எழுதும் முன் எடுக்க வேண்டியது இலைக் கணக்கு நோட்டு. ஒவ்வொரு பந்தி முடிந்ததும் இலையை எண்ணி, வீட்டு ஆள் ஒருவரிடம் கையெழுத்து வாங்குவது நல்ல காண்ட்ராக்டரின் வழக்கம். நோட்டில் நான்கு பந்திக்கு 80, 80, 60, 16 என்று இருக்கிறது. ஆக 236 இலை. பேசியதைவிட 36 இலை கூடுதல். கடைசிப் பந்தியில் 16 பேருக்கு வடையும் பாயசமும் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அடுத்து, பரிமாறிய பையன்களைக் கேட்க வேண்டும். அப்போதுதான் வீட்டுக்காரர் சொல்லாத ஒரு குறையும் வெளியே வரும்: பீடா தாமதமாக வந்ததால் முதல் பந்தி 80 பேருக்குக் கிடைக்கவில்லை. அது பேசிய பட்டியலில் இருந்தது. அது காண்ட்ராக்டர் பக்கத்துத் தவறுதான்.

இப்போது தொகை. ‘பத்து சதவீதம் தருகிறேன்’ என்று ஆரம்பித்தால், ‘இருபது கொடு’ என்று பேரம் தொடங்கிவிடும். 18,000-லிருந்து கீழே இறங்கி வந்தாலும் அதே கதிதான். எது குறைந்ததோ அதற்கு மட்டும் விலை போட வேண்டும். பீடா பத்து ரூபாய் வீதம் 80 பேருக்கு 800. வடை, பாயசம் நாற்பது ரூபாய் வீதம் 16 பேருக்கு 640. மொத்தம் 1,440, முழுசாக 1,500. இதில் வடை, பாயசத்துக்கான பணம் கொடுக்கவேண்டிய கடனல்ல. அந்த 16 இலைக்குக் காசே வாங்கவில்லை. அது நல்லெண்ணத்துக்காகக் கொடுப்பது.

முதலில் போன் செய்து அவர் பேசி முடிக்கும்வரை கேட்க வேண்டும். பிறகு, அன்றைக்கே, அவருக்கு மட்டும் எழுத வேண்டும்:

“வணக்கம் அண்ணே. கடைசிப் பந்தியில வந்தவங்களுக்கு வடை, பாயசம் இல்லாம போனது உங்களுக்கு எவ்வளவு சங்கடம்னு புரியுது. முதல் பந்திக்கு பீடா வராதது எங்க தப்பு, மன்னிக்கணும். நாம பேசுனது 200 இலை. உங்க மாப்பிள்ளை கையெழுத்துப் போட்ட நோட்டுல 236 இருக்கு, படம் அனுப்பியிருக்கேன். அதனால பாதிப் பணம்ங்கிறது என்னால முடியாதுண்ணே. பீடாவுக்கும், அந்தப் பதினாறு பேருக்குக் குறைஞ்சதுக்குமா 1,500 ரூபாய் இன்னிக்கு சாயந்தரம் ஜிபே பண்ணிடுறேன்.”

இந்தப் பதிலில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். 36 இலைக்கு 6,480 ரூபாய் ஆகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. எண்ணிக்கையைச் சொன்னால் விளக்கம். தொகையைச் சொன்னால் எதிர்வழக்கு. அதை வசூலிக்கப் போவதில்லை என்றால் சொல்லாமல் இருப்பதே மேல். ‘அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம்’ என்பதும் இல்லை. கோபத்தில் இருப்பவரிடம் அடுத்த விசேஷத்தைப் பற்றிப் பேசினால் ஆத்திரம்தான் கூடும். ‘கூகுளில் போட்ட விமர்சனத்தை எடுத்தால் பணம்’ என்ற நிபந்தனையும் இல்லை. அப்படி எழுதினால் கொடுப்பது வாயை அடைக்கும் காசாகிவிடும். சொன்ன நேரத்துக்குப் பணம் போய்ச் சேர்வதுதான் முக்கியம்.

அவர் சமாதானமாகாமல் இன்னும் கேட்டால், அதே பதிலை அதே மரியாதையோடு ஒருமுறை சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். தொகையை ஏற்றக் கூடாது.

இந்த வழி எல்லாப் புகாருக்கும் பொருந்தாது. சாப்பாடு கெட்டுப்போயிருந்தது, சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு என்று புகார் வந்தால் பணப்பேச்சையே எடுக்கக் கூடாது. எத்தனை பேருக்கு, எதைச் சாப்பிட்டு, எப்போது என்று விசாரித்து, மருத்துவரிடம் அனுப்புவதுதான் முதல் வேலை.

இன்னொன்று: 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஆகவே பணம் கொடுத்துச் சமாதானமாகிவிட்டாலும், கையெழுத்துள்ள இலைக் கணக்கு நோட்டையும் அனுப்பிய பதிலையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.