சூரியன் நடுக்கோட்டைக் கடக்கும் நேரம்

2023-இல் தமிழ்ப் பஞ்சாங்கத்தில் சித்திரை முதல் தேதி ஏப்ரல் 14. மலையாளக் கணக்கிலோ விஷு ஏப்ரல் 15. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த நாஞ்சில் நாட்டில் இரண்டு கணக்குகளும் இன்றும் புழக்கத்தில் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல் போகத்தையே மலையாள மாதப் பெயரால் சொல்லும் ஊர் இது. அதனால் அந்த வருஷம் எது சரியான தேதி என்ற கேள்வி நாகர்கோவிலில் எழுந்திருந்தால் வியப்பில்லை.

இரண்டுமே சரிதான். அந்த வருஷம் சூரியன் மேஷ ராசிக்குள் நுழைந்தது ஏப்ரல் 14 பிற்பகல் மூன்று மணி வாக்கில். சூரியன் மறைவதற்குள் சங்கிரமம் நடந்துவிட்டால் அன்றே மாதம் பிறந்துவிடும் என்பது தமிழ் வழக்கம். மலையாள வழக்கம் பகல்பொழுதை ஐந்தாகப் பிரிக்கிறது. முதல் மூன்று பங்குக்குள், அதாவது மதியம் ஏறத்தாழ ஒன்றரை மணிக்குள், சங்கிரமம் நடந்தால் அன்று. அதற்குப் பிறகு என்றால் மறுநாள். வானத்தில் நடந்தது ஒரே நிகழ்ச்சி. அதை எந்த நாளின் கணக்கில் எழுதுவது என்பதில்தான் இரண்டு வழக்கங்களும் பிரிந்தன.

மார்ச் 20-ஆ, 21-ஆ என்று பாடப்புத்தகங்கள் மாற்றி மாற்றிச் சொல்லும் சம இரவு நாளிலும் இதேதான் நடக்கிறது. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால், சூரியன் ஆறு மாதம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயும் ஆறு மாதம் தெற்கேயும் உச்சிக்கு வருகிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போது சூரியனின் மையம் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும் கணம் ஒன்று உண்டு. அந்தக் கணம்தான் சம இரவு. வடக்கிலோ தெற்கிலோ போகக்கூடிய எல்லையைத் தொட்டுத் திரும்பும் கணம் கதிர்த்திருப்பம். மார்ச், செப்டம்பரில் சம இரவும் ஜூன், டிசம்பரில் கதிர்த்திருப்பமும் வருகின்றன. மேலை நாடுகளில் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் ஆகியவற்றின் முதல் நாளை இந்த நான்கையும் வைத்தே குறிக்கிறார்கள். நமது வானிலைத் துறை கோடையை மார்ச் 1-இலேயே தொடங்கிவிடும்; அது மழையையும் வெப்பத்தையும் வைத்துப் போட்ட பிரிவு.

இந்தக் கணம் தேதி விட்டுத் தேதி தாவுவதற்குக் காரணம் ஆண்டின் நீளம். ஒரு மார்ச் சம இரவிலிருந்து அடுத்ததுக்கு 365 நாளும் ஆறு மணிக்குச் சற்றுக் குறைவான நேரமும் ஆகிறது. சராசரியாக 5 மணி 49 நிமிடம். நாட்காட்டியால் கால் நாளைக் காட்ட முடியாது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கணம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் தள்ளிப் போகிறது. இந்திய நேரப்படி 2024-இல் மார்ச் 20 காலை 8.36-க்கு வந்தது. 2025-இல் பிற்பகல் 2.31. 2026-இல் இரவு 8.16. 2027-இல் நள்ளிரவைத் தாண்டி மார்ச் 21 அதிகாலை 1.55 ஆகிவிடும். 2028 லீப் ஆண்டு. பிப்ரவரி 29 குறுக்கே வந்து மொத்தக் கணக்கையும் ஒரு நாள் பின்னுக்கு இழுத்து, மீண்டும் மார்ச் 20 காலையில் கொண்டு வைக்கும்.

கணம் உலகம் முழுவதற்கும் ஒன்று, கடிகாரங்கள்தான் பல. 2025 செப்டம்பர் சம இரவு நாகர்கோவிலில் 22-ஆம் தேதி இரவு 11.49-க்கு வந்தது. அதே நொடியில் சிங்கப்பூரில் 23-ஆம் தேதி பிறந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இங்கிருந்து அங்கே போய் வேலை செய்பவருக்கும் ஊரில் இருக்கும் அவர் அம்மாவுக்கும் அந்தப் பருவத்தின் முதல் நாள் வெவ்வேறு தேதி.

சித்திரைப் பிறப்பு இந்தச் சம இரவிலிருந்து மூன்று வாரத்துக்கு மேல் விலகி நிற்பதற்குக் காரணம் வேறு. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை அடையாளமாக வைத்து ஆண்டை அளக்கிறது. பூமியின் அச்சு மெல்லச் சுழன்று திசை மாறுவதால், நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிட 20 நிமிடம் நீளம். நூற்றாண்டுகள் பலவற்றில் அந்த 20 நிமிடங்கள் சேர்ந்துதான் இன்றைய இடைவெளி. தை முதல் நாளை உத்தராயணம் என்கிறோம். சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவதோ டிசம்பர் 21 அல்லது 22-இல். மேக்நாத் சாஹா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இதைச் சரிசெய்யத்தான் முயன்றது. அதன் விளைவாக 1957-இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியில் சைத்ர மாதம் மார்ச் 22-இல் பிறக்கிறது. லீப் ஆண்டில் மார்ச் 21. அரசாணைகளில் அந்தத் தேதி உண்டு. வீடுகளுக்குள் அது வரவில்லை. பருவத்தோடு ஒட்டிப் போகும் ஒரு நாட்காட்டியை நாம் பயன்படுத்தாமல் வைத்திருப்பது இழப்பு என்றே நினைக்கிறேன்.

இதையெல்லாம் மொட்டை மாடியில் ஒரு மீட்டர் கம்பி நட்டுச் சரிபார்க்கலாம். நாகர்கோவில் நடுக்கோட்டுக்கு 8.2 பாகை வடக்கே இருக்கிறது. சம இரவு நாளில், சூரியன் உச்சத்தில் இருக்கும்போது, கம்பியின் நிழல் வடக்கே சுமார் 14 செ.மீ. விழும். அந்த நாட்களில் நிழல் நாளொன்றுக்கு 7 மில்லிமீட்டர் மாறும்; அளவுகோலில் தெளிவாகத் தெரியும். டிசம்பர் திருப்பத்தில் அது 62 செ.மீ. ஜூனில் சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே விழும், 27 செ.மீ. இருக்கும். ஆனால் திருப்பம் எந்த நாள் என்று நிழலைப் பார்த்துச் சொல்லப் போனால் ஏமாந்துபோவோம். திரும்பும் இடத்தில் சூரியன் ஏறக்குறைய நின்றேவிடுகிறது. மூன்று நாள் முன்னும் பின்னும் பார்த்தாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இருக்காது; நிழலின் விளிம்போ அதைவிட மங்கலாக இருக்கும். அதனால் நவம்பர் கடைசியில் ஒரு நாள் நிழலை அளந்து குறித்துக்கொண்டு, ஜனவரியில் அதே நீளம் திரும்ப வரும் நாளைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுநாள் திருப்பத்தை ஏறத்தாழச் சரியாகக் காட்டிவிடும்.

கன்னியாகுமரியில் இதே கணக்கைக் கல்லில் கட்டி வைத்திருக்கிறார்கள். காந்தி மண்டபத்தில், அவருடைய அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில், அக்டோபர் 2 உச்சிவேளையில் கூரைத் துளை வழியே வெயில் விழும். அன்று அங்கே உச்சிவேளை நம் கடிகாரத்தில் 12.09 வாக்கில் வருகிறது. அக்டோபர் 2 என்ற தேதி மாறாது. சம இரவுக் கணம் மாறுவதால் அந்த நாளில் சூரியன் நிற்கும் இடம் மாறும். 2023-இல் நடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 3.5 பாகையில் இருந்தது, 2024-இல் 3.8. துளை 10 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால் வெளிச்சம் 5 செ.மீ. நகர்ந்திருக்கும். அந்த உயரத்திலிருந்து விழும் சூரிய வட்டமே 9 செ.மீ.-க்கு மேல் அகலமாக இருக்கும் என்பதால், கூட்டத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் புலப்படாது.

தெற்கே போகும் சூரியன் செப்டம்பர் சம இரவுக்கு ஒன்பது, பத்து நாள் கழித்து எந்த உயரத்தில் நிற்கிறதோ, வடக்கே திரும்பி வரும்போதும் மார்ச் சம இரவுக்கு அதே அளவு நாள் முன்னால் அதே உயரத்தில் நிற்கும். எனவே மார்ச் 11 வாக்கில், மதியம் 12.30-க்கு, அந்த இடத்தில் மறுபடியும் வெயில் விழ வேண்டும்.