இரண்டு நிறத்தில் ஒரு தேர்வு அட்டவணை

அரியர் தேர்வுகளை ஒரே நாளில், காலையும் மதியமுமாக முடித்துவிட முடியுமா? ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு புள்ளி வையுங்கள். ஒரே மாணவர் எழுதவேண்டிய இரு பாடங்களைக் கோட்டால் இணையுங்கள்.

இயற்பியலுக்குச் சிவப்பு, அதாவது காலை. அதோடு இணைந்த கணிதம், பொருளியல் இரண்டுக்கும் நீலம். அவ்விரண்டோடும் இணைந்த புள்ளியியலுக்கு மீண்டும் சிவப்பு. எந்தக் கோட்டின் இரு முனையும் ஒரே நிறமில்லை. இப்படி அமைவதைத்தான் இருகூறு வரைபடம் என்கிறார்கள்.

இப்போது கணிதமும் பொருளியலும் எழுதவேண்டிய ஒரு மாணவி பட்டியலில் சேர்கிறார். நீலத்துக்கும் நீலத்துக்கும் கோடு விழுகிறது. நிறத்தை மாற்றிப் பார்த்துப் பயனில்லை. இயற்பியல், கணிதம், பொருளியல் மூன்றும் முக்கோணமாகிவிட்டன. ஒற்றைப்படைப் புள்ளிகள் கொண்ட எந்தச் சுற்றும் இரண்டு நிறத்தில் அடங்காது. அந்த மாணவிக்காக மூன்றாவது வேளை ஒதுக்கியே ஆகவேண்டும்.