ஆட்டம் வேறு, குறைவு வேறு

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இரண்டு கணக்கு அறிக்கைகளோடு வந்திருந்தார். ஒன்று அவருடையது, இன்னொன்று அவருடைய மகனுடையது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில், ஒரே நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டில், ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் போட்டிருக்கிறார்கள். மகன் கணக்கில் 13 லட்சத்து 95 ஆயிரம் இருந்தது. அம்மா கணக்கில் 13 லட்சத்து 80 ஆயிரம்தான்.

"டிராக்கிங் எரர் கம்மியா இருந்தா நல்ல இன்டெக்ஸ் ஃபண்டுன்னு படிச்சேன் சார். ரெண்டுலயும் 0.05 சதவீதம்னுதான் போட்டிருக்கு. அப்புறம் என் பணம் மட்டும் எங்க போச்சு?" என்று கேட்டார்.

அவர் படித்தது தவறில்லை. டிராக்கிங் எரர் எதை அளக்கிறது என்பதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இன்டெக்ஸ் ஃபண்டில் ஃபண்ட் மேனேஜர் பங்குகளைத் தேர்ந்தெடுப்பதில்லை. நிஃப்டி 50 குறியீட்டில் எந்த 50 நிறுவனங்கள் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ, அதே விகிதத்தில் வாங்கி வைக்கிறார். ஆக்டிவ் ஃபண்டில் அவர் தன் கணிப்பை வைத்துச் சிலவற்றைக் கூட்டுவார், சிலவற்றைக் குறைப்பார், சிலவற்றைத் தொடவே மாட்டார். குறியீட்டைப் போலவே நடப்பது முதலாமவரின் வேலை, குறியீட்டை முந்துவது இரண்டாமவரின் வேலை. ஆகவே ஒரே டிராக்கிங் எரர் இரண்டு இடத்திலும் ஒரே பொருளைத் தராது.

ஒவ்வொரு நாளும் குறியீடு எத்தனை சதவீதம் ஏறியது, ஃபண்டின் என்.ஏ.வி. எத்தனை சதவீதம் ஏறியது என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். அந்த வித்தியாசம் நாளுக்கு நாள் எவ்வளவு ஆடுகிறது என்பதை ஆண்டுக் கணக்குக்கு மாற்றிச் சொல்வதுதான் டிராக்கிங் எரர். அது அளப்பது ஆட்டத்தை மட்டுமே. ஒரு ஃபண்ட் தினமும் துல்லியமாக ஒரே அளவு பின்தங்கினால் வித்தியாசம் மாறுவதே இல்லை. அதன் டிராக்கிங் எரர் பூஜ்ஜியமாக இருக்கும், ஆனால் ஆண்டு முடிவில் முதலீட்டாளர் கையில் பணம் குறைந்திருக்கும்.

அந்தக் குறைவைச் சொல்லும் எண் வேறு, அதன் பெயர் டிராக்கிங் டிஃபரன்ஸ். குறியீடு ஆண்டுக்கு 12 சதவீதம் தந்து ஃபண்ட் 11.75 சதவீதம் தந்தால், டிராக்கிங் டிஃபரன்ஸ் மைனஸ் 0.25 சதவீதம்.

தலைமையாசிரியையின் கேள்விக்கு விடை இங்கேதான் இருந்தது. மகன் வாங்கியது டைரக்ட் பிளான், அம்மா முகவர் மூலம் வாங்கியது ரெகுலர் பிளான். இரண்டுக்கும் பின்னால் இருப்பவை அதே பங்குகள்தான், நிர்வகிப்பவரும் அதே மேனேஜர்தான். முகவருக்கான கமிஷன் மட்டும் ரெகுலர் பிளானின் செலவில் சேர்கிறது. அது தினமும் சம அளவில் என்.ஏ.வி.யில் கழிந்துவிடுவதால் ஆட்டம் எதுவும் தெரிவதில்லை. டிராக்கிங் எரர் இரண்டிலும் 0.05 ஆக நிற்க, டிராக்கிங் டிஃபரன்ஸ் மட்டும் மகனுக்கு மைனஸ் 0.25, அம்மாவுக்கு மைனஸ் 0.65 என்று இருந்தது. மூன்று ஆண்டில் இதன் விலை 15 ஆயிரம் ரூபாய். இதே வேகத்தில் 20 ஆண்டுகள் போனால், போட்ட 10 லட்சத்துக்கு வித்தியாசம் 6 லட்சத்தைத் தாண்டிவிடும்.

அப்படியானால் டிராக்கிங் எரரால் என்ன பயன்? மேனேஜர் வேலையை ஒழுங்காகச் செய்கிறாரா என்று அது காட்டிக்கொடுக்கும். முதல் காரணம், கையில் தங்கும் ரொக்கம். ஃபண்டின் பணத்தில் 2 சதவீதம் ரொக்கமாகக் கிடக்கிறது என்று வையுங்கள். குறியீடு 3 சதவீதம் ஏறும் நாளில் ஃபண்ட் 0.06 சதவீதம் பின்தங்கும், 3 சதவீதம் விழும் நாளில் அதே அளவு முந்தும். இப்படி இரு பக்கமும் அசைவதுதான் டிராக்கிங் எரராகப் பதிவாகிறது. இரண்டாவது, ஆண்டுக்கு இரண்டு முறை மார்ச், செப்டம்பர் இறுதியில் நடக்கும் குறியீட்டு மாற்றம். வெளியேறும் பங்கை விற்று உள்ளே வரும் பங்கை வாங்கும்போது, குறியீடு கணக்கில் கொள்ளும் முடிவு விலையும் மேனேஜருக்குக் கிடைத்த விலையும் வேறுபட்டால் அதுவும் ஆட்டமாகிறது.

பங்கு சார்ந்த இன்டெக்ஸ் ஃபண்டுகளில் ஓராண்டு டிராக்கிங் எரர் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2022-இல் செபி விதித்த வரம்பு. சிறு நிறுவனங்களின் குறியீடுகளுக்கும் பொருந்த வேண்டிய பொது வரம்பு அது. வாங்க விற்க எளிதான நிஃப்டி 50 பங்குகளை வைத்திருக்கும் நல்ல ஃபண்டில் இந்த எண் 0.1 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். அங்கே 0.5 என்று கண்டால், பணம் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கையாளுவதில் ஏதோ சரியில்லை என்று பொருள்.

ஆக்டிவ் ஃபண்டில் இந்த எண்ணைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். குறியீட்டிலிருந்து விலகுவதற்காகத்தான் அந்த மேனேஜருக்குக் கூலி தருகிறோம். விலகவே இல்லை என்றால் எதற்குக் கூலி? ஓர் ஆக்டிவ் லார்ஜ்கேப் ஃபண்டின் பணத்தில் 80 சதவீதம் குறியீட்டைப் போலவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆண்டுச் செலவு 1.8 சதவீதம், இன்டெக்ஸ் ஃபண்டின் செலவு 0.2 சதவீதம். கூடுதலாகத் தரும் 1.6 சதவீதத்தை மேனேஜர் விலகி நின்ற அந்த 20 சதவீதப் பணம்தான் சம்பாதித்துத் தர வேண்டும். அதாவது அந்தப் பகுதி ஆண்டுதோறும் குறியீட்டைவிட 8 சதவீதம் கூடுதலாக வளர்ந்தால்தான் இன்டெக்ஸ் ஃபண்டோடு சமமாகும். மிகச் சிலரால்தான் இதைத் தொடர்ந்து செய்ய முடியும். இதனால், டிராக்கிங் எரர் மிகக் குறைவாக இருந்து கட்டணம் மட்டும் அதிகமாக உள்ள ஆக்டிவ் ஃபண்டைவிட இன்டெக்ஸ் ஃபண்டே மேல். டிராக்கிங் எரர் அதிகமாக இருப்பதும் திறமைக்குச் சான்று ஆகாது. மேனேஜர் துணிந்து விலகியிருக்கிறார் என்பதை மட்டுமே அது சொல்லும், விலகியது பலித்ததா என்பதை வருமானத்தைப் பார்த்துத்தான் அறிய முடியும்.

ஒப்பிடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். தொலைக்காட்சியில் ஓடும் நிஃப்டி எண்ணில் டிவிடெண்ட் சேராது, ஃபண்டுக்கோ டிவிடெண்ட் வந்துசேர்கிறது. அந்த எண்ணோடு ஒப்பிட்டால் சுமாரான ஃபண்டும் குறியீட்டை முந்தியதுபோலத் தெரியும். டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் டி.ஆர்.ஐ. குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். ஃபண்ட் நிறுவனங்களின் தளங்களில் டிராக்கிங் எரரும், ஒவ்வொரு பிளானுக்கும் தனித்தனியாக டிராக்கிங் டிஃபரன்ஸும் கிடைக்கின்றன.

தலைமையாசிரியை அன்றே எல்லாவற்றையும் டைரக்ட் பிளானுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டார். அப்படி மாற்றுவது வரிக் கணக்கில் விற்றதாகவே கருதப்படும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டில் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். அவருக்கு வேறு பங்கு லாபம் கிடையாது. நான்கரை லட்சம் ரூபாயை மாற்றினால் அதற்குள் இருக்கும் லாபம் 1.24 லட்சம்தான். இந்த ஆண்டு அவ்வளவை மாற்றிவிட்டு, மிச்சத்தை ஏப்ரலுக்குப் பிறகு பார்ப்பது என்று முடிவானது. கிளம்பும்போது, மகனின் அறிக்கையில் மைனஸ் 0.25 என்றிருந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டார்.